சம்பள எக்செல் ஃபைலைக் கைமாற்றும்போது நோட்டுகளைச் சுருக்கி எழுதுவது எப்படி

`Salary` ஷீட்டில் `F4` செல்லின் மூலையில் ஒரு சிவப்பு முக்கோணம். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் மஞ்சள் பெட்டி விரியும். உள்ளே ஒரே ஒரு எண்தான் இருக்கும்: 26.

எனக்கு முன்னால் பதினொரு வருஷம் அந்த ஃபைலைப் பார்த்துக்கொண்ட அக்கா எழுதியது அது. அவருக்கு அந்த ஒரு எண் போதும். நான் எடுத்தபோது அது என்னவென்று புரிய இரண்டு மாதம் ஆனது. நான்கு வருஷம் கழித்து அதே ஃபைலை இன்னொரு தம்பியிடம் கொடுக்கும்போதுதான், உட்கார்ந்து எல்லா நோட்டையும் ஒரு சுருக்கமாக எழுதினேன். கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு சிறு பட்டறையின் சம்பளக் கணக்கு அது. ஆள் 58 பேர், ஷீட் ஏழு, நோட் 41. எழுதி முடித்தபோது இரண்டு பக்கம் வந்தது. அதைச் செய்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விதிகளும் எண்களும் 2024–25 கணக்கில் இருந்தபடி. உங்கள் மாதத்தில் வரம்பு மாறியிருந்தால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், எல்லா நோட்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருதல்

ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். செல் செல்லாக மவுஸை நகர்த்திப் படித்தால் கட்டாயம் சில விட்டுப்போகும். `Review > Notes > Show All Notes` கொடுத்தால் எல்லாம் விரியும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக மறைத்துக்கொள்ளும். அச்சில் வேண்டுமென்றால் `Page Setup` பெட்டியில் `Sheet` பக்கத்துக்குப் போய், நோட்டுகளை `At end of sheet` என்று அச்சிடச் சொல்லலாம். கூடவே `Row and column headings` என்பதையும் டிக் செய்யுங்கள். எந்த நோட் எந்த செல்லுடையது என்பது அப்போதுதான் தெரியும்.

நான் மேக்ரோவில்தான் எடுத்தேன். `Alt+F11`, `Insert > Module`, கீழே உள்ளதை ஒட்டி `F5`. ஒரு புது ஃபைலில் ஷீட் பெயர், செல், நோட் மூன்றும் வரிசையாக வந்து விழும்.

```
Sub NotesList()
  Dim wb As Workbook, ws As Worksheet
  Dim o As Worksheet, c As Object, r As Long
  Set wb = ActiveWorkbook
  Set o = Workbooks.Add.Sheets(1)
  For Each ws In wb.Worksheets
    For Each c In ws.Comments
      r = r + 1
      o.Cells(r, 1) = ws.Name
      o.Cells(r, 2) = c.Parent.Address(False, False)
      o.Cells(r, 3) = "'" & c.Text
    Next
  Next
End Sub
```

இதில் ஒரு நன்மை உண்டு: மறைத்து வைத்த ஷீட்டில் இருக்கும் நோட்டும் வந்துவிடும். எங்கள் ஃபைலில் `Old_2019` என்று ஒரு ஷீட் இருந்ததே இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான்கு வருஷமாக அதைத் தினமும் திறந்து மூடியவன் நான்!

புது எக்செலில் நோட் வேறு, கமெண்ட் வேறு. நோட்டுக்குச் சிவப்பு முக்கோணம். ஒருவருக்கொருவர் பதில் எழுதிக்கொள்கிற கமெண்ட்டுக்கு ஊதா நிறக் குறி. உங்கள் ஃபைலில் ஊதாக் குறி இருந்தால், மேலே `ws.Comments` என்ற இடத்தில் `ws.CommentsThreaded` என்று மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் குறிப்புகள் ஒளிந்திருக்கும். ஒன்று, செல்லைத் தொட்டதும் தானாக வருகிற உள்ளீட்டுச் செய்தி. `Home > Find & Select > Data Validation` கொடுத்தால் அந்த செல்களெல்லாம் தேர்வாகிவிடும். பிறகு ஒன்றொன்றாகப் படிக்கலாம். மற்றது, பெயர் வைத்த வரம்புகளின் விளக்கம். `Ctrl+F3` தட்டினால் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு ஷீட்டின் தலையிலும் `A1`-இல் எழுதியிருக்கிற விளக்க வரியையும் கையோடு பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபைலை ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்கிறேன் என்று `Inspect Document` ஓட்டி `Remove All` அழுத்திவிடாதீர்கள். அது நோட்டையெல்லாம் துடைத்துவிடும்.

ஒவ்வொரு நோட்டையும் ஃபார்முலாவோடு வைத்துப் பார்த்தல்

நோட் என்பது எழுதிய அன்றைக்கு உண்மை. ஃபார்முலாவை அதன்பிறகு யாராவது மாற்றியிருப்பார்கள். நோட்டை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அதனால் பட்டியலைப் பார்த்து நேரே சுருக்கம் எழுத உட்கார்ந்தால், பழைய பொய்யைப் புதுத் தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

பட்டியலில் நான்காவது நெடுவரிசை ஒன்று சேர்த்து, அந்த நோட் சொல்கிற செல்லில் இப்போது என்ன ஃபார்முலா இருக்கிறது என்று எழுதினேன். கையால் நகல் எடுக்க வேண்டாம். ஃபைலுக்குள்ளேயே ஓர் ஓரத்தில் `=FORMULATEXT(O5)` என்று போட்டால் எழுத்தாகக் காட்டிவிடும்.

`O4`-இல் நோட் இப்படி: "இ.எஸ்.ஐ. தொழிலாளி பங்கு 1.75%". `O5`-இல் இருந்த ஃபார்முலா இது:

```
=IF(N5="Y",ROUNDUP(M5*0.75%,0),0)
```

எது சரி? 2019 ஜூலை 1 முதல் தொழிலாளி பங்கு 1.75-இலிருந்து 0.75 சதவீதமாகவும், முதலாளி பங்கு 4.75-இலிருந்து 3.25 சதவீதமாகவும் குறைந்தது. அக்கா அன்றைக்கு ஃபார்முலாவை மாற்றிவிட்டார், நோட்டை மறந்துவிட்டார். ஆகவே இங்கே ஃபார்முலா சரி, நோட் காலாவதி. `Old_2019` ஷீட் எதற்கு என்பதும் இதிலேயே விளங்கிவிட்டது: பழைய விகிதத்தில் போட்ட கடைசிக் கணக்கு அது.

எப்போதும் ஃபார்முலாதான் ஜெயிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். `Master` ஷீட்டில் பிறந்த தேதித் தலைப்பில் ஒரு நோட்: "58 ஆனா பென்ஷன் 0, எல்லாம் பி.எஃப்.". விதியும் அதுதான். 58 வயது முடிந்தவருக்கு முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகாது. 12 சதவீதமும் பி.எஃப். கணக்கிலேயே சேரும். ஆனால் ஃபார்முலாவில் வயது என்ற பேச்சே இல்லை. அக்கா ஒவ்வொரு மாதமும் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றியிருக்கிறார். இங்கே நோட்தான் சரி. ஃபைல் அதைத் தானாகச் செய்யாது என்பதை அடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும்.

இப்படி 41 நோட்டையும் ஓட்டியபோது, 17 இன்றைக்கும் செல்லுபடி. ஒன்பது காலாவதி. எட்டு, "சார் கேட்டார், பார்க்கணும்" மாதிரியான பேச்சு. நான்கில் நோட் ஒன்று சொல்ல ஃபைல் வேறொன்று செய்தது. மூன்று யாருக்கும் புரியாதவை. சுருக்கத்தின் உடம்பு அந்த 17. அதன் வால் அந்த நான்கும் மூன்றும். மற்ற 17-ஐ அப்படியே விட்டுவிடலாம். ஒரிஜினல் ஃபைலில் நோட் அழியாமல் இருக்கும் வரை யாருக்கும் நஷ்டமில்லை.

ஷீட்டுக்கு ஒரு வரி, அதில் முதல் கேள்வி

ஷீட் விளக்கம் எழுதும்போது பலரும் தலைப்பையே திருப்பி எழுதுகிறார்கள். "`Attendance`: வருகைப் பதிவு." இதைப் படித்தவருக்கு என்ன கிடைத்தது? நான் முதலில் எழுதுவது, இந்த ஷீட்டில் ஒரு வரி என்றால் என்ன என்பது. ஓர் ஆளா, ஓர் ஆளின் ஒரு நாளா, ஒரு தவணையா? அது தெரிந்துவிட்டால் பாதி ஷீட் தானே பேசும். அதற்குப் பிறகு, எங்கிருந்து வருகிறது, யார் எப்போது கை வைக்கலாம், எந்த ஷீட் இதை எடுக்கிறது.

எங்கள் சுருக்கத்தில் மூன்று ஷீட்டுக்கு எழுதியது இது:

"`Attendance`: ஒரு வரி = ஓர் ஆள், ஒரு சம்பள மாதம். சம்பள மாதம் என்பது போன மாதம் 26 முதல் இந்த மாதம் 25 வரை. வாட்ச்மேனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கையால் ஏற்றுவது. 27-ஆம் தேதிக்குப் பிறகு மாற்றக் கூடாது. `Salary` இதிலிருந்து வராத நாளை மட்டும் எடுக்கிறது."

"`Advance`: ஒரு வரி = ஒரு முன்பணம்; ஓர் ஆள் இல்லை. ஒரே ஆளுக்கு இரண்டு வரி இருக்கலாம், அது பிழை அல்ல."

"`PF_ECR`: ஒரு வரி = ஓர் உறுப்பினர். முழுக்க ஃபார்முலா, எதையும் தட்டாதே. 11 விவரங்களை `#~#` போட்டு ஒட்டி, பி.எஃப். தளத்தில் ஏற்றும் டெக்ஸ்ட் ஃபைல் இதிலிருந்துதான் வருகிறது. நெடுவரிசையை இடம் மாற்றினால் தொகை தவறான இடத்தில் போய் உட்காரும்."

`Advance` பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த வேலை தகும் என்பேன். ஒரே பெயர் இரண்டு தடவை இருப்பதைப் பார்த்து `Remove Duplicates` கொடுப்பது, புதிதாக வருகிற சுறுசுறுப்பான ஆள் செய்கிற முதல் காரியம்.

நெடுவரிசைகள்: தலைப்பு ஏமாற்றுகிற இடத்தில் மட்டும் எழுது

`Salary` ஷீட்டில் 34 நெடுவரிசை. 34-க்கும் விளக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பெயர், துறை, சேர்ந்த தேதி ஆகியவற்றுக்கு விளக்கமே வேண்டாம். கையால் தட்டுகிறவை எவை, ஃபார்முலா எவை என்று முதலில் இரண்டு வரியில் எழுத்துகளை மட்டும் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு, தலைப்பைப் படித்தால் தப்பாகப் புரிகிற நெடுவரிசைகளுக்கு மட்டும் வாக்கியம். அவை ஒன்பதுதான். அதில் மூன்றை விரித்துச் சொல்கிறேன்.

அந்த 26-க்கு முதலில் வருவோம். `F` நெடுவரிசையின் தலைப்பு "நாள் சம்பளம்". மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தது. 18,200 வாங்குகிறவருக்கு ஒரு நாள் 700. ஞாயிறு போக மாதத்துக்கு 26 வேலை நாள் என்ற பொது வழக்கிலிருந்து வந்த எண் அது. ஆனால் சம்பள மாதம் 26-ஆம் தேதி தொடங்குகிறது என்பதால், படிக்கிறவர் இரண்டு 26-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார். நானும் அப்படித்தான் குழம்பினேன்.

இன்னொரு குழி, வந்த நாளை 700-ஆல் பெருக்குவது. பிப்ரவரி 26 முதல் மார்ச் 25 வரை 28 நாள். நான்கு ஞாயிறு போனால் 24. ஒரு நாள்கூட விடாமல் வந்தவருக்கு 24 × 700 = 16,800 என்று வரும்; 1,400 ரூபாய் குறைந்துபோகும். 31 நாள் இருக்கிற சம்பள மாதத்தில் ஞாயிறு நான்கு என்றால் 27 × 700 = 18,900, இது 700 ரூபாய் அதிகம். ஃபைல் செய்வது அப்படி இல்லை. 18,200-இலிருந்து வராத நாளுக்கு 700 வீதம் கழிக்கிறது. ஆக சுருக்கத்தில் எழுதியது:

"`F`: மாதச் சம்பளம் ÷ 26. மாதத்தில் எத்தனை நாள் இருந்தாலும் 26தான். வராத நாளுக்குக் கழிக்க மட்டுமே. வந்த நாளோடு பெருக்காதே. 26-ஆம் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

இரண்டு இலக்கம் ஐந்து வாக்கியமாகிவிட்டது. சுருக்கம் எழுதுகிறோம் என்றாலும் சில நோட் நீளத்தான் செய்யும். மற்ற 17 கழிந்ததில் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

அடுத்து `L`, `M`. இரண்டின் தலைப்பும் "மொத்தச் சம்பளம்". ஓவர்டைம் செய்யாதவருக்கு இரண்டிலும் ஒரே தொகைதான் இருக்கும். யார் பார்த்தாலும் ஒன்றை நீக்கலாம் என்று தோன்றும். அக்காவின் நோட் நான்கே சொல்: "L பார், M பிடி".

விஷயம் இதுதான். ஓர் ஆள் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-க்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. வரம்புக்குள் வந்துவிட்டால், சந்தா பிடிக்கும்போது ஓவர்டைமையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதனால் `L` ஓவர்டைம் இல்லாதது, `M` ஓவர்டைமோடு. 20,500 சம்பளத்தில் 1,500 ஓவர்டைம் செய்தவரை `M`-ஐப் பார்த்து 22,000 என்று நினைத்து விட்டுவிட்டால் தப்பு. அவர் வரம்புக்குள்தான், சந்தா 22,000-க்கு, அதாவது 165 ரூபாய். இந்த உதாரணத்தையும் எண்ணோடு சுருக்கத்தில் சேர்த்தேன். ஒரு விதியை மூன்று வாக்கியத்தில் விளக்குவதைவிட, ஓர் ஆளின் மாதத்தைக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவது `N`. இங்கே என் சொந்தத் தப்பைச் சொல்ல வேண்டும்.

"ஆனால்" போனால் கணக்கும் போகும்

`N` நெடுவரிசையில் `Y` இருந்தால் இ.எஸ்.ஐ. பிடிப்பு உண்டு, காலியாக இருந்தால் இல்லை. பார்த்தால் ஃபார்முலா மாதிரி இருக்கும். ஆனால் கையால் தட்டியது. `N4` நோட் இப்படி இருந்தது: "21000 மேல போனா இல்லை. ஆனா ஏப்ரல் அக்டோபர் தவிர மாத்தாதே."

நான் ஃபைலை எடுத்த புதிதில் எனக்கென்று ஒரு டைரியில் சுருக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் இந்த நோட், "இ.எஸ்.ஐ.: 21,000-க்கு மேல் இல்லை" என்று ஆகியிருந்தது. நன்றாகத்தானே சுருங்கியிருக்கிறது என்று அப்போது எனக்கே ஒரு திருப்தி.

அந்த வருஷம் ஜூலையில் ஒரு லேத் ஆபரேட்டருக்குச் சம்பளம் 22,400 ஆனது. டைரியைப் பார்த்தேன், `Y`-ஐ எடுத்துவிட்டேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் அவருக்குச் சந்தா போகவில்லை. இ.எஸ்.ஐ. சந்தாக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறாறு மாதம். காலத்தின் தொடக்கத்தில் வரம்புக்குள் இருந்தவர் நடுவில் தாண்டினாலும், அந்தக் காலம் முடிகிற வரை முழுச் சம்பளத்துக்கும் சந்தா கட்டியாக வேண்டும். மாதத்துக்குத் தொழிலாளி பங்கு 168, முதலாளி பங்கு 728, சேர்த்து 896. மூன்று மாதத்துக்கு 2,688, அதன்மேல் வருஷத்துக்கு 12 சதவீத வட்டி. தொழிலாளி பங்கான 504-ஐ அவருடைய அக்டோபர் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. அந்தந்த மாதச் சம்பளத்திலிருந்து மட்டுமே பிடிக்கலாம் என்பது சட்டம். கம்பெனி கையிலிருந்து போட்டது.

பணம் சின்னதுதான். ஆனால் நோய்க்காலப் பணம் வாங்க அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். என் டைரியின் ஒரு வரியால் அவருடைய அந்தக் கணக்கிலேயே ஓட்டை விழுந்தது. ஆடிட்டர் கண்டுபிடித்துச் சொன்னார், உடனே கட்டினோம்.

நோட்டைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது "ஆனால்", "வரை", "தவிர", "மட்டும்" என்கிற சொற்கள்தான். அவை சின்னச் சொற்கள். வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டாலும் வாக்கியம் பிழையில்லாமல் நிற்கும். அதனால் இப்போது ஒரு வேலை செய்கிறேன். பட்டியலில் இருக்கிற 17 நோட்டிலும் இந்தச் சொற்களை மட்டும் மஞ்சள் அடித்துவிடுவேன். சுருக்கம் எழுதி முடித்ததும் திரும்பி வந்து, மஞ்சள் ஒவ்வொன்றும் அங்கே எந்த ரூபத்திலாவது இருக்கிறதா என்று எண்ணுவேன். முதல் வரைவில் 12 மஞ்சளில் மூன்று காணாமல் போயிருந்தது.

`N`-க்கு இறுதியாக எழுதியது:

"`N`: கையால் தட்டுவது. ஏப்ரல், அக்டோபர் சம்பளத்தில் மட்டும் மாற்று. `L` 21,000-க்கு மேல் என்றால் காலி. நடுவில் சம்பளம் ஏறினாலும் `Y` அப்படியே இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சேர்ந்த மாதமே `L` பார்த்து முடிவு செய்."

இதே மாதிரி `S` நெடுவரிசை. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பது; மற்ற மாதங்களில் முழுக்கப் பூஜ்யம். அதற்கு ஒரு வரி போதும்: "பூஜ்யமாக இருப்பது சரி, நீக்காதே."

ஒத்துப்போகாதவற்றைத் தனியாக வை

நோட் ஒன்று சொல்லி ஃபைல் வேறொன்று செய்கிற அந்த நான்கு இடங்களில், எது சரியென்று எனக்கே தெரிந்தது மூன்றில்தான். நாலாவது, `Bank` ஷீட்டில் தொகையை ரூபாய்க்கு முழுதாக்குவது பற்றி. நோட், "50 பைசா மேல ஏத்து" என்கிறது. ஃபார்முலா எல்லாவற்றையும் மேலே ஏற்றுகிறது. யார் சொல்லி மாற்றியது என்று தெரியாது. நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டால் அது விதி மாதிரி ஆகிவிடும். அதனால் இரண்டையும் அப்படியே எழுதி, "இப்போது நடப்பது ஃபார்முலாப்படி, மேனேஜரிடம் கேட்டு முடிவு செய்" என்று போட்டேன்.

புரியாத மூன்றில் ஒன்று `Advance` ஷீட் `H17`: "சொன்னபடி". இந்த மாதிரி நோட்டுக்கு ஒரு சோதனை உண்டு. செல்லைத் தேர்ந்தெடுத்து `Formulas > Trace Dependents` கொடுங்கள். அம்பு ஏதும் வரவில்லை என்றால் வேறெந்த ஃபார்முலாவும் அந்த செல்லை நேராகத் தொடவில்லை. `H17`-க்கு அம்பு வரவில்லை. "அர்த்தம் தெரியாது, கணக்கில் சேரவில்லை" என்று எழுதினேன்.

சுருக்கத்துக்குள் வரக் கூடாதவை

சம்பள ஃபைல் நோட்டில் ஊர்க்கதையும் இருக்கும். ஒருவருடைய முன்பணத்துக்குப் பக்கத்தில் அவர் வீட்டு ஆபரேஷன் விவரம், இன்னொருவர் கேஸ் நடத்துகிற விஷயம். அடுத்தவருக்குத் தேவை, "மாதம் 2,000 பிடிப்பு, டிசம்பர் வரை" என்பது மட்டும்தான். காரணத்தை எடுத்துவிடுங்கள். சுருக்கம் அச்சாகி மேசையில் கிடக்கும், வாட்ஸ்அப்பில் போகும். பாஸ்வேர்டும் அப்படித்தான், சில நோட்டில் அதுவும் இருக்கும். அதை நேரில் கொடுங்கள், கொடுத்த கையோடு நோட்டிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தல்

எழுதியது போதுமா என்பது எழுதியவருக்குத் தெரியாது. மார்ச் சம்பளத்தை அந்தத் தம்பியையே போடச் சொன்னேன். அவர் கையில் சுருக்கம் மட்டும். நான் பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு. அவர் என்னிடம் கேட்டது ஒவ்வொன்றும் சுருக்கத்தில் விட்டுப்போனது என்று கணக்கு. மொத்தம் ஐந்து தடவை கேட்டார்.

"ஏனுங்ணா, இந்த அக்கவுண்ட் நம்பர் கடைசில சைபர் ஆயிருச்சு?" என்றார் முதலில். புதிதாகச் சேர்ந்தவரின் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே ஒட்டியிருந்தார். எக்செல் எண்ணாக எடுத்துக்கொண்டால் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும், பதினாறாவது சைபராகிவிடும். பழைய வரிகளெல்லாம் எழுத்து வடிவத்தில் இருந்ததால் எனக்கு இந்தச் சிக்கல் வந்ததே இல்லை, யாரும் நோட்டும் எழுதவில்லை. "`Bank` `D`: ஒட்டும் முன் செல்லை `Text` ஆக்கு" என்று ஒரு வரி சேர்ந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் நன்றாக இருந்தது. "58 ஆனவங்க யாருன்னு எப்படிங்ணா தெரியும்? ஒவ்வொருத்தர் பிறந்த தேதியும் பார்க்கணுமா?" நான் விதியை எழுதியிருந்தேன், பார்க்கிற வழியை எழுதவில்லை. `Master` ஷீட்டில் பக்கத்து செல்லில் இதைப் போட்டோம். `D`-இல் பிறந்த தேதி:

```
=IF(EDATE(D5,58*12)<=TODAY(),"58+","")
```

மற்ற மூன்றும் சின்னக் கேள்விகள். எல்லாம் வரியாகச் சேர்ந்தன. இன்னும் ஒரு ஏற்பாடு செய்தேன். ஏப்ரலிலும் அக்டோபரிலும் `N` மாற்றும்போது மட்டும் என்னைக் கூப்பிடச் சொன்னேன், ஏனென்றால் அந்த வேலை மார்ச்சில் வராது; ஓட்டிப் பார்த்ததில் அது சோதனைக்கே வரவில்லை.

சுருக்கத்தை ஃபைலின் முதல் ஷீட்டாக `README` என்ற பெயரில் வைத்தோம், தலையில் தேதியோடும் சம்பள மாதத்தோடும். வேர்டு ஃபைலாகத் தனியே வைத்தால் ஃபைல் நகலாகும்போது அது பின்தங்கிவிடும். பழைய நோட் எதையும் அழிக்கவில்லை. `O4`-இல் மட்டும் 1.75%-க்குக் கீழே, "2019 ஜூலை முதல் 0.75%, `README` பார்" என்று சேர்த்தேன்.

அக்காவைப் போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது "சொன்னபடி" பற்றிக் கேட்டேன். யார் சொன்னது, என்ன சொன்னது என்று அவருக்கும் ஞாபகம் இல்லை. `H17`-இல் சிவப்பு முக்கோணம் இன்னும் இருக்கிறது.